ராஜராஜனுக்கு மூன்று நாள் முன்னால் பிறந்தவன்

என் நண்பனுக்கு மூன்று பிறந்தநாள்கள். மூன்றுமே அவனுக்குப் பிடிக்காது. இப்படிப்பட்டவனுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எப்படி எழுதுவது?

முதலாவது சர்டிபிகேட் பிறந்தநாள். மே மாதத்தில் வருகிறது. எங்கள் தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் இவ்வளவு பேர் ஏன் என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அன்றைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியர் கணக்குக்குப் பொருந்துகிற ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். அதுவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்குப் போய், அங்கிருந்து ஆதார், வங்கி, காப்பீடு, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, அவன் உண்மையிலேயே பிறந்த ஆங்கிலத் தேதி. அது அவனுடைய அம்மாவுக்கே சரியாக நினைவில்லை. நல்ல மழை, தீபாவளிக்குப் பிறகு என்பார். மூன்றாவது நட்சத்திரம். அதில் மட்டும் அந்த அம்மாவுக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது. ஐப்பசி உத்திராடம்.

மே மாதத் தேதியில்தான் அமளி. காலை ஆறு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் குறுஞ்செய்தி முதலில் வரும். அடுத்து நகைக்கடை. எட்டு மணிக்குப் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பூங்கொத்துப் படத்தோடு ஆரம்பித்துவைப்பார். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்லாமல் இருக்க முடியாது. மத்தியானத்துக்குள் கேக், மெழுகுவர்த்தி, முருகன், ‘பல்லாண்டு வாழ்க’ எல்லாம் வரிசையாக வந்துவிடும். அவன் சாயங்காலம் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போடுவான். அதைப் போடவே அவனுக்கு அரை நாள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தனித்தனியாக நன்றி சொன்னால் நாற்பது பேரின் பெயரைத் தட்ட வேண்டும். மொத்தமாகச் சொன்னால் திமிர் என்பார்கள். சொல்லாமல் விட்டால் உடம்புக்கு என்ன என்று போன் வரும்.

பிறக்காத தேதிக்கே இந்தப் பாடு.

அவன் திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக். பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள், ஓவர்லாக், ஃபிளாட்லாக் எது நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வருவான், பார்ப்பான், சரிசெய்வான், போய்விடுவான். டீ கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பான். கூச்ச சுபாவம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது சரியான சொல் அல்ல. கூலி பாக்கி வைத்திருக்கும் முதலாளியிடம் நேருக்கு நேர் நின்று கேட்கிறவன் அவன். நாலு பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தான் செய்வதற்கு ஒரு வேலை இல்லை என்பதுதான் அவனுடைய சங்கடம்.

இதை ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன். பள்ளி நண்பர்கள் கூடிய ஒரு மண்டபத்தில் அவனுக்குச் சொல்லாமல் கேக் வரவழைத்துவிட்டார்கள். எல்லோரும் சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டு முழுசாக அரை நிமிடம்கூட வராது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் பாடுகிறவர்களுக்குப் பாட்டு இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, படம் எடுக்கிறவருக்கு போன் இருக்கிறது. நடுவில் நிற்பவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. கூடப் பாட முடியாது, கைதட்ட முடியாது, யார் முகத்தைப் பார்ப்பது என்றும் தெரியாது. பிளாஸ்டிக் கத்தியை ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கிரீம் பூசினார்கள். எல்லாப் படத்திலும் சிரித்திருக்கிறான். கழுவப் போனவன் வெகுநேரம் வரவில்லை என்று தேடினால், பின்பக்கம் சமையல்காரரோடு சேர்ந்து பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். முகம் அப்போதுதான் அவன் முகமாக இருந்தது.

அப்படியானால் வாழ்த்தே சொல்லாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். பலருக்கு அதுதான் சரி. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. அவர்களிடம் வாழ்த்தை நைசாக நுழைக்கப் பார்ப்பது அவர்களுடைய நம்பிக்கையில் கை வைப்பது. என் உறவுக்காரப் பெண் ஒருவருக்குப் பிறந்தநாளுக்கு மறுநாள் தகப்பனார் திதி. அவருக்கு அன்று ‘இனிய’ என்று எது வந்தாலும் குத்தும். ஒரு போன் போட்டு வேறு எதையாவது பேசினால் போதும். இன்னொரு வகையும் உண்டு: ‘எனக்கு இதெல்லாம் பிடிக்காதப்பா’ என்று ஒரு வாரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர்கள். பிடிக்காது என்ற சாக்கில் தேதியை ஊருக்கே ஞாபகப்படுத்துகிறார்கள். அவர்களுக்குக் கேக்கே வாங்கிவிடலாம்.

என் நண்பன் இதில் எதிலும் சேர்த்தியில்லை. தேதியைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆனால் என் மகளுடைய பிறந்தநாளை மறந்ததும் இல்லை. அன்றைக்கு மட்டும் கலர் நூல்கண்டு நிறைந்த ஒரு டப்பாவை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, ‘இந்தப் பக்கம் வந்தேன்’ என்று சொல்லிப் போவான். நாள் அவனுக்கு முக்கியம்தான். தான் நடுவில் நிற்பதுதான் ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எழுத வேண்டியது என்னவென்று பாதி பிடிபட்டுவிடும்.

நம் ஊரில் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அவனுடைய அம்மா வருடாவருடம் உத்திராடத்தன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பெயர், நட்சத்திரம், ராசி சொல்கிறார். உத்திராடத்தின் முதல் பாதம் தனுசு, மற்ற மூன்று பாதமும் மகரம், இவன் மகரம். குருக்கள் பத்துப் பதினைந்து பேரின் பெயரோடு சேர்த்து அவன் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். எல்லோரும் சாமியைப் பார்க்கிறார்கள். பிறந்தநாள்காரன் அப்போது எங்கேயோ ஒரு பனியன் கம்பெனியில் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறான். அவன் இல்லாமலேயே அவனுக்கான காரியம் நடந்துவிடுகிறது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவில் ஓரமாகக் கொஞ்சம் திருநீறு மடித்திருக்கும், அவ்வளவுதான். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதும் ஊரில் இதுவும் நடக்கிறது என்பது எனக்கு ஆறுதல்.

பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாடுவது ராஜாக்களின் வேலையாக இருந்தது. தொல்காப்பியம் அதைப் பாடாண் திணையில், அரசனைப் பாடும் இடத்தில்தான் வைக்கிறது. ராஜராஜ சோழனுக்கு இன்றைக்கும் தஞ்சாவூரில் ஐப்பசிச் சதயத்தன்று சிலைக்கு மாலை போட்டு விழா எடுக்கிறார்கள். உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் என்று எண்ணிப் பார்த்தால் என் நண்பன் அந்த மகாராஜாவுக்கு மூன்று நாள் முன்னால் வருகிறான். எனக்கு இது பெரிய உபகாரம். சதய விழா எப்போது என்ற செய்தி பேப்பரில் வந்த உடனே தினசரிக் காலண்டரைப் புரட்டி மூன்று தாள் பின்னால் போவேன். நட்சத்திரம் காலையில் இருக்கிறதா, மாலையில்தான் வருகிறதா என்று அந்தத் தாளிலேயே நாழிகைக் கணக்கோடு போட்டிருக்கும். சந்திரன் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றிவர இருபத்தேழு நாளுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தமிழ் மாதம் அதைவிட நீளம். அதனால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வருவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள். நான் அந்த அம்மாவையே கேட்டுவிடுவேன். ‘சொல்கிறேன், ஆனால் அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே கண்ணு’ என்பார்.

ஆகவே நாள் உத்திராடம். எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாத, வருடத்துக்கு வருடம் ஆங்கிலத் தேதி மாறுகிற நாள். அன்றைக்கு அவனுக்கு வேறு யாருடைய வாழ்த்தும் வராது, கூட்டமும் சேராது.

இனி வாசகம். கையைப் பழக்கத்துக்கு விட்டால் அது என்ன எழுதும் என்று பார்க்க, ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்:

‘அன்பு நண்பனுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! உன்னைப் போல ஒரு நல்ல மனிதனை நான் பார்த்ததில்லை. எத்தனையோ பேருக்கு உதவிவிட்டு ஒரு வார்த்தை வெளியே சொல்லாதவன் நீ. உனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று என்ன விசேஷம்? மாலை சந்திப்போமா?’

பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் அவனுக்கு இதை அனுப்பினால் அன்றைய பொழுது கெட்டது. ‘நல்ல மனிதன்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லை மறுக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் அகம்பாவம், மறுத்தால் நாம் இன்னும் இரண்டு மடங்கு புகழ்வோம். குணத்தைப் பற்றிய பாராட்டு எதுவானாலும் ஆளை மேடையில் ஏற்றிவிடுகிறது, சபையில் இரண்டே பேர் இருந்தாலும். கடைசியில் இரண்டு கேள்விகள் வேறு. கேள்விக்குறியைப் பார்த்துவிட்டால் பதில் போடாமல் இருக்க அவனால் ஆகாது. நீல டிக் வந்துவிட்ட பிறகு மௌனமாக இருப்பதும் ஒரு பதில்தான் என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது நடுவில் இருக்கும் வரி. ‘பிடிக்காது என்று தெரியும், ஆனாலும்’. கரிசனம் போலத் தெரிகிறது. உண்மையில், அவனுக்குப் பிடிக்காததைச் செய்துகொண்டே அதற்கு அவனிடமே அனுமதியும் வாங்கிக்கொள்கிற வரி அது. போதாக்குறைக்கு அவனுடைய கூச்சத்தையே அன்றைய பேச்சுப் பொருளாக்கிவிடுகிறது. பிடிக்காது என்று தெரிந்தால் அது எழுதும் விதத்தில் தெரியட்டும், எழுத்தில் வர வேண்டாம்.

குணத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றால் எதைப் பற்றி எழுதுவது? அவன் கைபட்ட ஒரு பொருளைப் பற்றி. என் அம்மாவிடம் ஒரு கால் மெஷின் இருக்கிறது. ஒரு காலத்தில் அது தைக்கும்போது இடையிடையே தையல் விட்டுப் போகும். பார்த்தவர்களெல்லாம் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். இவன் வந்து அடித்தட்டைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஊசி அடிவரை இறங்கி, மேலே திரும்பும்போது துளி ஏறியதும் நூல் பின்பக்கம் சிறு வளையமாகப் பிதுங்கும். கீழே இருக்கும் கொக்கியின் மூக்கு சரியாக அந்தக் கணத்தில் வந்து அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் தையல், தவறினால் ஓட்டை. ஊசி மாட்டும் தண்டின் திருகு தளர்ந்து, தண்டு கொஞ்சம் இறங்கியிருந்தது. திருகை நெகிழ்த்தித் தண்டை ஒரு மயிரிழை மேலே தூக்கி இறுக்கினான். அவ்வளவுதான் வேலை. பிறகு மெஷின் டிராயருக்குள் ஒரு சீட்டு ஒட்டினான்: ‘எண்ணெய் மாதம் ஒருமுறை. மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விடக்கூடாது, பிசினாகும். ஊசி முனை மழுங்கினால் மாற்றவும்.’ கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

‘நீ நல்லவன்’ என்றால் அவன் இல்லை என்பான். ‘மெஷின் ஓடுகிறது’ என்றால் இல்லை என்று சொல்ல முடியாது, ஓடுகிறதே! அதிலும் அவனுக்குக் கேட்கப் பிடித்த சேதியே அதுதான்.

அனுப்பும் விதத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. அவனுடைய போன் பெரும்பாலும் வேலை செய்யும் மெஷினின் மேல்தட்டில் கிடக்கும். செய்தி வந்தால் பூட்டிய திரையிலேயே முதல் ஒன்றிரண்டு வரி தெரியும். பக்கத்தில் நிற்கும் உதவியாள் பையன் படித்துவிட்டு ‘அண்ணா, இன்றைக்கு உங்களுக்குப் பிறந்தநாளா?’ என்று கத்தினால் போதும், லைனில் இருக்கும் ஐம்பது டைலர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே வாழ்த்து முதல் வரியில் இருக்கக்கூடாது. குரல் செய்தி கூடவே கூடாது. மெஷின் இரைச்சலில் ஸ்பீக்கரில்தான் கேட்பான். போன் போட்டால் உடனே ஏதாவது பேசியாக வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு மணி என்பது சினேகிதத்தைக் காட்டிக்கொள்ள விரும்புகிறவர்களின் நேரம். இரவு ஒன்பதரைக்கு அவன் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போவான். அதுதான் தோது.

இன்னும் ஒன்று பாக்கி. செய்தியைப் படித்து முடித்ததும் அவன் கை எங்கே போவது? கேக்குக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே பிரச்சினை. வாழ்த்தோடு செய்தி முடிந்தால் அந்த வாழ்த்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாழ்த்துக்குப் பின்னால் சாதாரணமான சேதி ஒன்றை வைத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே வந்துவிடலாம். அதையும் கேள்வியாகக் கேட்கக்கூடாது. உதவி கேட்பதாகவும் ஆகிவிடக்கூடாது, பிறந்தநாளன்று வேலை வாங்குவதாகிவிடும். விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் விட்டுவிடட்டும்.

அடித்துத் திருத்தி, கடைசியில் அனுப்பியது இது:

‘அம்மாவின் மெஷின் நேற்று முழுக்க ஓடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடை, இரண்டு பாவாடை, ஒரு தலையணை உறை. ஓர் இடத்தில்கூடத் தையல் விடவில்லை.

டிராயரில் நீ ஒட்டிய சீட்டு எண்ணெய் பட்டுப் பாதி அழிந்துவிட்டது. ‘மாதம் ஒருமுறை’ மட்டும் தெரிகிறது. அம்மா அதைத் தவறாமல் செய்கிறார்.

இன்று ஐப்பசி உத்திராடம். நல்லபடியாக இரு.

பெல்ட் லேசாக வழுக்குகிறது. ஓடுகிறது, அவசரமில்லை.’

‘பிறந்தநாள்’ என்ற சொல்லே இதில் இல்லை என்று என் மனைவி சுட்டிக்காட்டினாள். உத்திராடம் என்றால் அவனுக்குப் புரியாதா? ‘நல்லபடியாக இரு’ என்பதை ‘நலமும் வளமும் பெற்று நீடூழி வாழ்க’ என்று நீட்டவும் ஆசையாகத்தான் இருந்தது. நீட்டினால் அந்த வரி மற்ற வரிகளைவிட உயரமாக நிற்கும். ஸ்டிக்கர் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. சீட்டைப் பற்றிய பத்தியில் ‘நீ’ ஒருமுறை வருகிறது. எடுத்துவிட்டால் யார் ஒட்டியது என்றே இல்லாமல் போய்விடும் என்று விட்டுவைத்தேன். எழுதியதும் அனுப்பிவிடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருமுறை படித்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம்தான், ஆனால் திருத்தியதாக அடியில் காட்டும். எதை மாற்றினான் என்று அவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

ஒன்பதே முக்காலுக்குப் பதில் வந்தது.

‘தோல் பெல்ட்டா, ரப்பரா?’

‘தோல்’ என்றேன்.

‘தோல் என்றால் நாளாவட்டத்தில் இழுத்துக்கொள்ளும். கிளிப்பைக் கழற்றி, ஒரு முனையில் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி துளை போட்டு மாட்டினால் போதும். நீ வெட்டாதே. அதிகம் வெட்டினால் மிதிக்கக் கனக்கும், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.’

உத்திராடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கால் அங்குலம்கூட வெட்டவில்லை, அதற்கும் குறைவுதான். பழைய சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி, எண்ணெய் படாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டினான். அம்மா பருப்புப் பாயசம் வைத்திருந்தார். என்ன விசேஷம் என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. திண்ணையில் நின்றுகொண்டே இரண்டு டம்ளர் குடித்தான். ‘வெல்லம் கொஞ்சம் தூக்கல் அம்மா’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.